டிவி பக்கத்தில் மட்டும் வைஃபை அறுந்து போகிறது, சிக்னல் கோடு குறையவே இல்லை

குளக்கரை வீடு, கும்பகோணம் | 2 டிசம்பர், இரவு 9:50

இரவு எட்டு மணியானால் எங்கள் டிவியில் படம் நின்று நின்று வருகிறது. வட்டம் சுற்றும், ஒரு நிமிடம் கழித்து தானாகவே ஓடும், மறுபடி நிற்கும். பகலில் ஒரு தொந்தரவும் இல்லை. வீடு பழைய வீடு. மோடம் வாசல் பக்கம் ரேழியில் இருக்கிறது, டிவி கூடத்தில், நடுவில் இரண்டு தடித்த சுவர். டிவிக்குக் கீழே சவுண்ட்பார், மூலையில் ஒயர் இல்லாத சப்வூஃபர். ரேழியில் உட்கார்ந்து போனில் பார்த்தால் அருமையாக ஓடுகிறது. அதே போனைக் கூடத்துக்குக் கொண்டு வந்தால் அதுவும் திணறுகிறது, ஆனால் சிக்னல் கோடு நாலில் மூன்று காட்டுகிறது. பார்க்க வந்த மெக்கானிக் டிவியின் வைஃபை போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். போர்டு போயிருந்தால் போன் ஏன் திணற வேண்டும்? அதுதான் எனக்குப் புரியவில்லை.

மன்னார்குடி மைந்தன் | 2 டிசம்பர், இரவு 10:15

இதற்கெல்லாம் மெக்கானிக் எதற்கு? மோடத்தின் வைஃபை சேனலை மாற்றுங்கள். மோடம் செட்டிங்கில் 192.168.1.1 போய் Channel என்று இருக்கும், Auto-வை எடுத்துவிட்டு 1 போடுங்கள். முடிந்தது வேலை. நான் தெருவில் பாதிப் பேருக்கு இதைத்தான் செய்து கொடுத்திருக்கிறேன்.

வேதாரண்யம் உப்புக்காற்று | 3 டிசம்பர், காலை 6:20

எட்டு மணி என்றதுமே சொல்லிவிடலாம், வோல்டேஜ். எங்கள் பக்கம் சாயங்காலம் லைட் மங்கும், ஃப்ரிட்ஜ் மோட்டார் கிளம்பும்போது மோடம் ஒரு தடவை அணைந்து எரியும், அது திரும்ப எழுந்து வர இரண்டு நிமிடம். கஜா புயலுக்கு அப்புறம் கம்பம் எல்லாம் புதிதாகப் போட்டும் இந்த ஒரு தொல்லை எங்கள் தெருவில் போகவில்லை. மோடத்துக்கென்று சின்னதாக பேட்டரி பேக்கப் ஒன்று வாங்கி மாட்டினேன், அன்றோடு சரியானது. நீங்களும் அதைச் செய்யுங்கள்.

தாராசுரம் ரேடியோ | 3 டிசம்பர், காலை 7:05

உப்புக்காற்று சார் சொல்வது நிஜமான தொல்லைதான், ஆனால் இவர் வீட்டில் அது இல்லை. மோடம் அணைந்து எரிந்தால் ரேழியில் இருக்கும் போனுக்கும் அறுந்திருக்கும். இங்கே ரேழி நன்றாக இருக்கிறது, கூடம் மட்டும் கெட்டுப் போகிறது. சந்தேகம் இருந்தால் மோடத்தின் Status பக்கத்தில் Uptime என்று ஒன்று இருக்கும். மின்சாரம் போய் வந்திருந்தால் அது முதலிலிருந்து எண்ண ஆரம்பித்திருக்கும்.

குளக்கரை, இரண்டு கேள்வி. டிவி மாட்டியிருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன அறை? இரவு எட்டு மணிக்கு அங்கே என்ன நடக்கிறது?

குளக்கரை வீடு | 3 டிசம்பர், காலை 7:40

சமையலறை. டிவிக்கு நேர் பின்னால் மேடை, மேடைமேல் மைக்ரோவேவ் ஓவன். எட்டு மணிக்கு அம்மா மதியக் குழம்பு, பொரியல், அப்பாவுக்குப் பால் என்று ஒவ்வொன்றாகச் சூடு பண்ணுவார்.

ஆனால் அதையும் நான் யோசித்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. ஓவன் ஓடும்போது படம் நன்றாகத்தான் ஓடுகிறது. பல நேரம் அது நின்று பீப் அடித்த பிறகுதான் டிவி சுற்ற ஆரம்பிக்கிறது.

தாராசுரம் ரேடியோ | 3 டிசம்பர், மதியம் 1:30

பொருந்துகிறது, அழகாகவே பொருந்துகிறது. பலரும் ஓவனைச் சந்தேகப்படாமல் விட்டுவிடுவது இந்த ஒரு விஷயத்தால்தான்.

டிவியில் சினிமா ஓடும்போது அடுத்து வரப்போகும் சில பத்து விநாடிப் படத்தை அது முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். ஓவனும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஏறக்குறைய ஒரே அலைவரிசையில் ஓடுகின்றன. அதனால் ஓவன் போட்டதும் வைஃபை அந்த நொடியே முடங்கும், ஆனால் டிவி கையிருப்பைத் தின்றுகொண்டு ஓடும். கையிருப்பு தீரும் நேரத்தில் ஓவன் நின்றிருக்கும், டிவி சுற்ற ஆரம்பித்திருக்கும். பார்ப்பவருக்கு இரண்டுக்கும் சம்பந்தம் இல்லாதது போலத் தெரியும். இதையே நேரலை கிரிக்கெட் வைத்துப் பாருங்கள், கையிருப்பு குறைவு என்பதால் சீக்கிரமே நிற்கும். போனில் வீடியோ கால் போட்டுக்கொண்டு கூடத்தில் நின்றால் ஓவன் சுவிட்ச் போட்ட கையோடு குரல் உடையும்.

சிக்னல் கோடு ஏன் குறையவில்லை என்றால், அது மோடத்தின் குரல் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்று மட்டும்தான் அளக்கிறது. பக்கத்தில் எவ்வளவு இரைச்சல் என்று அதற்குத் தெரியாது. போனில் சேனல் பார்க்கும் ஆப் போட்டாலும் ஓவன் அதில் வராது, ஏனென்றால் அந்த ஆப் வைஃபை பெயர்களை மட்டும்தான் பட்டியல் போடும், ஓவனுக்குப் பெயர் கிடையாது.

மடிக்கணினி இருந்தால் டிவிக்குப் பக்கத்தில் வைத்து 2.4 வைஃபையில் சேர்ந்துகொண்டு இதைப் போடுங்கள், மோடத்தை நூறு தடவை கூப்பிட்டு எத்தனை பதில் வருகிறது என்று எண்ணும்.

```
ping -n 100 192.168.1.1
```

ஒரு முறை ஓவன் அணைந்திருக்கும்போது. இன்னொரு முறை ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து ஓவனை அந்த நூறும் முடியும் வரை ஓடவிட்டு. காலியாக ஓட விடாதீர்கள், ஓவன் கெட்டுப்போகும். சவுண்ட்பார், சப்வூஃபர் இரண்டின் பிளக்கையும் அப்போது பிடுங்கி வையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு சந்தேகத்தைச் சோதித்தால் எதுவும் தெரியாது. கவனியுங்கள், இணையத்தில் இருக்கும் எந்த முகவரிக்கும் இல்லை, மோடத்துக்கே பிங். இதிலேயே அறுந்தால் கோளாறு வீட்டுக்குள்தான், லைன்காரரைக் கூப்பிட வேண்டாம்.

மயிலாடுதுறை அம்மா | 3 டிசம்பர், மாலை 4:10

இதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஓவனிலிருந்து ஏதோ வெளியே வருகிறது என்றுதானே அர்த்தம்? எங்கள் வீட்டில் பேத்தி அதற்குப் பக்கத்திலேயே நின்று தட்டு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

தாராசுரம் ரேடியோ | 3 டிசம்பர், மாலை 6:00

அம்மா, பயப்பட வேண்டாம். உள்ளே எண்ணூறு, ஆயிரம் வாட். வெளியே கசிவது மிகச் சின்னத் துளி. புழக்கத்தில் உள்ள ஓவனுக்கு அனுமதித்த எல்லையே, கதவிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட், நல்ல ஓவனில் அதைவிடவும் எவ்வளவோ குறைவாக இருக்கும். உடம்பைச் சூடாக்க அது போதாது, ஆனால் வைஃபைக்கு அது பெரிய இரைச்சல், ஏனென்றால் மோடம் அனுப்புவதே மொத்தம் நூறு மில்லிவாட் அளவுதான், அதுவும் இரண்டு சுவர் தாண்டி டிவிக்கு வரும்போது அதில் கோடியில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஓவனோ டிவிக்கு முதுகுப் பக்கம் ஒரு சுவர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. தூரத்தில் ஒருவர் பேசுவதைக் கேட்க முயலும்போது காதுக்குப் பக்கத்தில் மிக்ஸி ஓடுவது போல.

வைஃபை அறுவதை வைத்து ஓவன் ஆபத்தானது என்று முடிவு கட்ட முடியாது. கதவு நேராக மூடுகிறதா, கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறதா, கதவு விளிம்பு நசுங்கியிருக்கிறதா, இதைப் பாருங்கள். அதில் ஏதாவது இருந்தால் பயன்படுத்தாமல் சர்வீஸுக்குக் கொடுங்கள். போனை ஓவனுக்குள் வைத்து அழைத்துப் பார்க்கும் சோதனை ஒன்று ஊரில் சுற்றுகிறது, அது எதையும் காட்டாது.

குளக்கரை வீடு | 3 டிசம்பர், இரவு 9:15

செய்துவிட்டேன். ஓவன் அணைந்திருக்கும்போது நூறும் வந்தது, சராசரி 4 மில்லிசெகண்ட். ஓவன் ஓடும்போது:

```
Packets: Sent = 100, Received = 71, Lost = 29 (29% loss)
Minimum = 3ms, Maximum = 1840ms, Average = 212ms
```

வந்த எண்ணைப் பார்த்ததும் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். போர்டு மாற்றும் பேச்சு நின்றுவிட்டது.

மன்னார்குடி மைந்தன் | 3 டிசம்பர், இரவு 9:40

சரி, ஓவன்தான். அப்போதும் என் பதில் அதேதான், சேனல் 1. ஓவன் அலை 2450 மெகாஹெர்ட்ஸ் பக்கம். சேனல் 11-இன் நடு 2462, சேனல் 1-இன் நடு 2412. விலகிப் போனால் தப்பிக்கலாம்.

தாராசுரம் ரேடியோ | 3 டிசம்பர், இரவு 10:30

திசை சரி. 11-இல் இருந்தால் 1-க்கு மாறுங்கள், ஓரளவு நிச்சயம் குறையும். ஆனால் ஓவன் வானொலி நிலையம் மாதிரி ஒரே இடத்தில் நிற்காது. அதில் அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் சூடேறும்போதும், தட்டு சுற்றச் சுற்ற உள்ளே இருக்கும் சாப்பாட்டின் நிலை மாறும்போதும் அலைவரிசை நகரும், ஒவ்வொரு தடவை எரிந்து அணையும்போதும் அகலமாகச் சிதறும். பழைய ஓவன் என்றால் சேனல் 1 வரையிலும் அடிக்கும்.

இன்னொரு விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை, எனக்கு அது மிக முக்கியம் என்று படுகிறது. நம் வீட்டுச் சாதாரண ஓவன் தொடர்ந்து அலை விடுவதில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட். அதில் பாதியில் மட்டும்தான் மேக்னட்ரான் எரியும், மறு பாதியில் சும்மா இருக்கும். அதாவது ஏறக்குறைய 10 மில்லிசெகண்ட் இரைச்சல், 10 மில்லிசெகண்ட் அமைதி, மாறி மாறி. இன்வெர்ட்டர் வகை ஓவன் வேறு மாதிரி, அதை இப்போது விட்டுவிடுவோம். அந்த அமைதி இடைவெளியில் வைஃபை தன் பாக்கெட்டை, அதாவது ஒரு துண்டுத் தரவை, அனுப்பிவிட்டால் பிழைத்துக்கொள்ளும். 54 மெகாபிட் வேகத்தில் ஒரு முழு பாக்கெட், 1500 பைட், கால் மில்லிசெகண்டில் போய்விடும், தாராளமாக இடம் இருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், பாக்கெட் தொலைந்ததும் மோடம் "தூரம் அதிகம் போல, மெதுவாகப் பேசுவோம்" என்று தப்பாகப் புரிந்துகொண்டு வேகத்தைக் குறைக்கும். தொலையத் தொலைய இன்னும் குறைக்கும். கடைசியில் 1 மெகாபிட்டுக்கு இறங்கினால் அதே பாக்கெட் காற்றில் 12 மில்லிசெகண்ட் எடுக்கும். பத்து மில்லிசெகண்ட் இடைவெளியில் பன்னிரண்டு எப்படி நுழையும்? எத்தனை தடவை திரும்ப அனுப்பினாலும் ஏதாவது ஒரு பக்கம் ஓவன் கடித்துவிடும்.

எனவே மோடத்தில் 2.4-க்கான Mode என்ற இடத்தில் 11b/g/n என்று இருந்தால் பழைய, மெதுவான முறையான b-யை எடுத்துவிடுங்கள், g/n போதும். அப்போது மிகக் குறைந்த வேகமே 6 மெகாபிட், பாக்கெட் 2 மில்லிசெகண்டில் முடியும். கூடவே Channel Width 40 என்று இருந்தால் 20 ஆக்குங்கள். மிகப் பழைய பிரிண்டர், சில மலிவான ஸ்மார்ட் பிளக் இதற்கப்புறம் சேராமல் போகலாம், அப்படியானால் திரும்ப மாற்றிக்கொள்ளலாம்.

மன்னார்குடி மைந்தன் | 3 டிசம்பர், இரவு 10:50

b-யை எடுப்பது நான் செய்து பார்த்ததில்லை. ஆனாலும் சேனல் 1 போட்டதும் தொந்தரவு நின்றுபோன வீடுகள் எனக்குத் தெரியும், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பாபநாசம் கேபிள்காரர் | 4 டிசம்பர், காலை 8:30

இதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். டிவி நகராத பொருள், அதற்கு எதற்கு வைஃபை? ஒரு லேன் ஒயர் இழுத்துவிடுங்கள். டிவியின் லேன் சாக்கெட் பெரும்பாலும் 100 மெகாபிட்தான், அது குறைச்சல் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். 4கே படத்துக்கே 25 மெகாபிட் போதும். ரேழியிலிருந்து கூடத்துக்கு நிலைக்கதவுக்கு மேலே கேசிங் பட்டி அடித்துக் கொண்டு வரலாம், பழைய சுண்ணாம்புச் சுவரில் துளை போட்டால் பொலபொலவென்று கொட்டும், அதனால் துளை வேண்டாம். கரண்ட் ஒயர் ஓடும் பட்டியில் இதைச் சேர்த்துத் திணிக்காதீர்கள்.

வாடிக்கையாளர் வீட்டில் நாங்கள் அதிகம் பார்ப்பது, மோடத்தை இரும்பு பீரோ மேல் வைத்திருப்பார்கள், அல்லது டிவிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பார்கள். டிவியின் முதுகு முழுக்கத் தகடு. சிக்னல் எப்படி வரும்? ரிப்பீட்டர் வாங்கி மாட்டுகிறவர்களும் உண்டு, அதுவும் 2.4 ஆக இருந்தால் ஒரே பேச்சை இரண்டு தடவை பேசும், நெரிசல் கூடும், குறையாது.

திருவாரூர் தேரடி | 4 டிசம்பர், காலை 11:45

எங்கள் வீட்டில் ஓவனே கிடையாது, ஆனாலும் இதே தொந்தரவு. டிவிக்கு ப்ளூடூத்தில் ஸ்பீக்கர் இணைத்தால் படம் திணறும், ஸ்பீக்கரைத் துண்டித்தால் ஓடும். ப்ளூடூத் ஒரு நொடிக்கு 1600 தடவை அலைவரிசை மாற்றித் தாவும், வைஃபை இருக்கும் இடத்தைத் தவிர்த்துவிடும் என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் ஏன்?

தாராசுரம் ரேடியோ | 4 டிசம்பர், இரவு 8:20

கேள்விப்பட்டது சரி. 2003-இல் வந்த ப்ளூடூத் 1.2-இலிருந்து அந்த வசதி இருக்கிறது, நெரிசலான இடத்தை விட்டு மற்ற இடங்களில் தாவும். மோடம் 20 மெகாஹெர்ட்ஸில் இருந்தால் தாவுவதற்கு நிறைய இடம் மிஞ்சும், 40 போட்டால் பாதி போய்விடும். அண்டை வீட்டு மோடங்களும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

ஆனால் உங்கள் வீட்டில் காற்றில் மோதுவதைவிட டிவிக்குள்ளேயே மோதுவதுதான் அதிகம் என்று நினைக்கிறேன். பல டிவிகளில் வைஃபை, ப்ளூடூத் இரண்டும் ஒரே சிப், சிலதில் ஆன்டெனாவும் ஒன்றே. ஒலி அனுப்பும் நேரத்தில் வைஃபை வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். இதற்கு நீங்கள் சேனல் மாற்றிப் பயனில்லை. டிவியில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதற்கு மாற்றுங்கள். ஸ்பீக்கரில் ஆப்டிகல் அல்லது எச்டிஎம்ஐ ஏஆர்சி சாக்கெட் இருந்தால் ஒயரில் இணைத்துவிட்டு ப்ளூடூத்தை அணைத்துவிடுங்கள்.

திருவாரூர் தேரடி | 4 டிசம்பர், இரவு 8:55

டிவி செட்டிங்கில் 5 வரும் என்று போட்டிருக்கிறது, ஆனால் எங்கள் மோடத்தில் ஒரே பெயர்தான் தெரிகிறது.

பாபநாசம் கேபிள்காரர் | 4 டிசம்பர், இரவு 9:10

இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பார்கள். டிவி தன் இஷ்டத்துக்கு 2.4-ஐப் பிடித்துக்கொள்ளும். செட்டிங்கில் 5-க்குத் தனிப் பெயர் கொடுங்கள். பெயர் கொடுத்த பிறகும் டிவிக்குத் தெரியவில்லை என்றால் சேனலை 36 முதல் 48-க்குள் வையுங்கள், நடு எண்களைச் சில டிவி காட்டாது. மோடமே 2.4 மட்டும் உள்ள பழைய வகையாகவும் இருக்கலாம், அப்படியானால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

குளக்கரை வீடு | 6 டிசம்பர், இரவு 9:30

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். முதலில் சேனலை மட்டும் 1 ஆக்கினேன், ஓவன் ஓடும்போது இழப்பு 29-லிருந்து 17 ஆனது. அப்புறம் b-யை எடுத்து, அகலத்தை 20 ஆக்கினேன், 5-க்கு இறங்கியது. சினிமா நிற்பதில்லை, நேரலை மட்டும் எப்போதாவது சிக்குகிறது. ஆக மன்னார்குடியார் சொன்னதும் வேலை செய்தது, தாராசுரத்தார் சொன்னதும் செய்தது.

5 கிகாவையும் பார்த்தேன். ரேழியில் பறக்கிறது, கூடத்தில் ஒரு கோடு. எங்கள் சுவர் ஒன்றரை அடி, அது தாங்கவில்லை.

ஓவனில் பவரைப் பாதியாக வைத்தால் இரைச்சலும் பாதியாகுமா என்று அம்மா கேட்டார். வைத்துப் பார்த்தோம், சில விநாடி நன்றாக இருக்கிறது, சில விநாடி அதே பழைய இழப்பு.

தாராசுரம் ரேடியோ | 6 டிசம்பர், இரவு 10:05

அம்மா நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். சாதாரண ஓவனில் பாதிப் பவர் என்றால் முழு வேகத்தில் கொஞ்ச நேரம் எரிந்து, கொஞ்ச நேரம் அணைவதுதான். எரியும்போது முழுசாகவே எரியும். அதனால் நீங்கள் பார்த்தது சரிதான், அதில் லாபம் இல்லை. சூடு பண்ணும் நேரமும் நீளும். அதைவிட ஓவனை மேடையின் அடுத்த கோடிக்கு நகர்த்தினால் பலன் அதிகம், ஒரு மீட்டரிலிருந்து மூன்று மீட்டர் ஆனால் டிவி பக்கம் இரைச்சல் ஒன்பதில் ஒரு பங்காகும்.

குளக்கரை வீடு | 9 டிசம்பர், மாலை 6:40

மேடையில் வேறு பிளக் பாயின்ட் இல்லை, ஓவனுக்கு எக்ஸ்டென்ஷன் போட எனக்குத் தைரியம் இல்லை. ஆகவே பாபநாசத்தார் சொன்னபடி லேன் ஒயர் இழுத்தாயிற்று, நிலைக்கு மேலே பட்டி அடித்து. டிவி இப்போது ஓவனைக் கண்டுகொள்வதே இல்லை, அப்பா நேரலைக் கச்சேரியை நிறுத்தாமல் பார்க்கிறார்.

மிச்சம் இருப்பது ஒன்று. பிடுங்கி வைத்த சப்வூஃபரைத் திரும்ப மாட்டினால் ஓவன் ஓடும்போது அதில் டப் டப் என்று சத்தம் விட்டு விட்டு வருகிறது. அது மாட்டியிருக்கும்போது கூடத்தில் போனின் வைஃபையும் ஓவன் இல்லாமலே கொஞ்சம் இழக்கிறது. சவுண்ட்பாரை ரிமோட்டில் அணைத்தாலும் அந்த இழப்பு போகவில்லை, பிளக்கைப் பிடுங்கினால்தான் போகிறது.

மன்னார்குடி மைந்தன் | 9 டிசம்பர், இரவு 7:15

சப்வூஃபரை சவுண்ட்பாரோடு மறுபடி இணைத்துப் பாருங்கள், புது அலைவரிசை பிடிக்கும்.

தாராசுரம் ரேடியோ | 9 டிசம்பர், இரவு 8:00

பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம், அது அந்தக் கம்பெனி எப்படிச் செய்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்த மாதிரி ஜோடிகள் ப்ளூடூத் அல்ல, சொந்த முறையில் பேசும். பலதும் வைஃபை மாதிரி காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் பேசுவதில்லை, ஒலி தடைபடக் கூடாது என்பதால் விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும், ரிமோட்டில் அணைத்த பிறகும் இணைப்பை உயிரோடு வைத்திருக்கும். உங்கள் பிளக் சோதனை அதைத்தான் காட்டுகிறது.

சப்வூஃபரின் முதுகில் அல்லது கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அலைவரிசை அச்சடித்திருக்கும். 2400 முதல் 2483.5 வரை என்று இருந்தால் வைஃபையின் அதே வீதி. 5725-இல் ஆரம்பித்தால் ஓவனோடு சண்டை வந்திருக்கக் கூடாது, வேறு காரணம் தேட வேண்டும். படித்துவிட்டு எழுதுங்கள். 2400 என்றால் மோடத்தை 1, 6, 11 மூன்றிலும் வைத்து, சப்வூஃபர் ஓடும்போது கூடத்தில் பிங் போடுங்கள், எதில் குறைவோ அதில் விட்டுவிடுங்கள். மூன்றிலும் ஒரே மாதிரி என்றால் அது வீதி முழுக்கத் தாவுகிறது என்று அர்த்தம்.

வேதாரண்யம் உப்புக்காற்று | 10 டிசம்பர், காலை 6:10

எங்கள் மோடத்தில் Uptime பார்த்தேன், பேட்டரி மாட்டியதிலிருந்து அறுபடாமல் ஓடுகிறது. ஆனால் மருமகளின் மாடி அறையில் மட்டும் மதியம் அறுகிறது என்கிறாள். அங்கே ஓவன் இல்லை. பக்கத்து வீட்டுச் சமையலறைக்கும் அந்த அறைக்கும் பொதுச்சுவர். பக்கத்து வீட்டு ஓவன் இவ்வளவு செய்யுமா?

தாராசுரம் ரேடியோ | 10 டிசம்பர், காலை 7:20

ஒற்றைச் சுவர் என்றால் செய்யும். அவர்களிடம் சொல்லிவிட்டு, அவர்கள் சூடு பண்ணும் நேரத்தில் மாடியில் அதே பிங்கைப் போடச் சொல்லுங்கள்.